முதல் மழையில் மண் ஏன் மணக்கிறது?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டம் முடிந்து எல்லோரும் காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நம் அங்கத்தினர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஸார், தர்க்க சாஸ்திரத்தில் பிருதிவிக்கு லக்ஷணமே கந்தம்தான் என்று சொல்லியிருக்கிறது. எது மணமுடையதோ அதுவே மண். ஆனால் தோட்டத்து மண்ணைக் காய்ந்த நிலையில் கையில் எடுத்து முகர்ந்தால் ஒரு வாசனையும் இல்லை. நாலு தூறல் விழுந்தால் தெருவே மணக்கிறது. நீங்கள் சயன்ஸ் படித்தவர். இது எப்படி?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இன்றைய பேச்சை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். காய்ந்த மண்ணில் அந்த வாசனை எங்கே ஒளிந்திருக்கிறது? மழைத்துளி அதை எப்படி வெளியே கொண்டு வருகிறது? நம் மூக்கு ஏன் அதை அவ்வளவு சுலபமாகக் கண்டுபிடித்துவிடுகிறது? முதல் இரண்டுக்கும் நல்ல பதில் இருக்கிறது. மூன்றாவதற்குப் பாதிதான் இருக்கிறது. அந்தப் பாதி எது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இதற்குப் பதில் சொல்ல நான் உங்களைக் கன்னௌஜுக்கு அழைத்துப் போக வேண்டும். உத்தரப் பிரதேசத்தில், கான்பூரிலிருந்து வடமேற்கே இருக்கும் ஊர். ஹர்ஷவர்த்தனரின் தலைநகராக இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இன்று அந்த ஊர் அத்தருக்குப் பேர் போனது. ரோஜா, மல்லிகை, வெட்டிவேர் இவற்றிலிருந்து அத்தர் எடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அங்கே மண்ணிலிருந்தும் அத்தர் எடுக்கிறார்கள். ‘மிட்டி அத்தர்’ என்று அதற்குப் பெயர். லக்னோவில் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் ஒரு முறை அங்கே போய் அந்த வேலையை நேரில் பார்த்தேன்.

செய்முறை இதுதான். குளத்துக் களிமண்ணை வில்லைகளாகவோ சிறு ஓடுகளாகவோ தட்டி, சுட்டு, காய வைக்கிறார்கள். அவற்றைப் பெரிய செப்பு அண்டாவில் போட்டுத் தண்ணீர் விடுகிறார்கள். அந்த அண்டாவை ‘தேக்’ என்கிறார்கள். மூடியின் இடுக்கில் ஆவி தப்பாதபடி களிமண்ணைக் குழைத்துப் பூசுகிறார்கள். மூடியிலிருந்து ஒரு மூங்கில் குழாய், கயிறு சுற்றியது, சாய்வாக இறங்கி இன்னொரு செப்புப் பாத்திரத்துக்குள் போகிறது. அது ‘பப்கா’. குடம் மாதிரி, கழுத்து குறுகலாக இருக்கும். தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி வைத்திருப்பார்கள். அதற்குள் முன்கூட்டியே சந்தன எண்ணெய் விட்டிருக்கும்.

அண்டாவின் கீழே விறகும் வறட்டியும் வைத்து நிதானமாக எரிக்கிறார்கள். நீராவி ஓடுகளின் ஊடே புகுந்து, அதிலிருக்கும் வாசனைப் பொருளைத் தூக்கிக்கொண்டு மூங்கில் வழியாகப் பப்காவுக்கு வருகிறது. அங்கே குளிர்ந்து ஜலமாகிறது. வாசனை சந்தன எண்ணெயில் தங்கிவிடுகிறது. பல மணி நேரம் கழித்துப் பப்காவை எடுத்து ஆற வைத்தால், எண்ணெய் மேலே நிற்கும், ஜலம் அடியில் நிற்கும். அடித்துவாரத்தைத் திறந்து ஜலத்தை மட்டும் வடித்துவிடுகிறார்கள். மறுநாள் புதிய ஓடுகள், ஆனால் அதே எண்ணெய். இப்படித் திரும்பத் திரும்பச் செய்த பிறகுதான் எண்ணெயில் மண் வாசனை ஏறுகிறது.

இதில் தவறு எங்கே நடக்கும் என்று அங்கிருந்த வயதான தொழிலாளியைக் கேட்டேன். "ஆஞ்ச்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். அனல். தீ கூடினால் பப்காவைச் சுற்றியிருக்கும் தண்ணீர் சூடேறிவிடும், ஆவி குளிராது, வாசனை காற்றோடு போய்விடும். அவரிடம் தெர்மாமீட்டர் எதுவும் இல்லை. பப்காவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். கை பொறுக்காத சூடு வந்தால் தொட்டித் தண்ணீரை மாற்றுகிறார், அல்லது அண்டாவின் மேல் ஈரத்துணியைப் போடுகிறார்.

இந்தக் கன்னௌஜ் வேலைக்கும் நம் கேள்விக்கும் என்ன சம்பந்தம்? 1964-ல் ஆஸ்திரேலிய அரசின் விஞ்ஞான ஆராய்ச்சி ஸ்தாபனத்தைச் சேர்ந்த இரண்டு பேர், இஸபெல் ஜாய் பேர் என்ற அம்மையாரும் ரிச்சர்ட் தாமஸ் என்பவரும், ‘நேச்சர்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காய்ந்த களிமண்ணிலும் பாறையிலும் ஈரம் பட்டதும் எழும் வாசனை எதனால் என்பதே கட்டுரையின் விஷயம். அவர்கள் செய்த பரிசோதனை கிட்டத்தட்ட கன்னௌஜில் நடப்பதேதான். வெயிலில் வெகுநாள் கிடந்த பாறைகளை எடுத்து, அவற்றின் ஊடே நீராவியைச் செலுத்தி, குளிர வைத்தார்கள். மஞ்சள் நிறமான ஒரு எண்ணெய் சிறிதளவு கிடைத்தது. முதல் மழையின் வாசனை அந்த எண்ணெயில் இருந்தது. இந்தியாவில் உத்தரப் பிரதேசத்து அத்தர்க்காரர்கள் இதே வாசனையைச் சந்தன எண்ணெயில் பிடித்து விற்கிறார்கள் என்பதையும் அந்தக் கட்டுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள். மெல்போர்ன் விஞ்ஞானிகள் கண்ணாடிக் குழாயில் செய்ததை நம் ஊர்த் தொழிலாளிகள் செப்பு அண்டாவில் முன்பே செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த எண்ணெய்க்கு அவர்கள் வைத்த பெயர் ‘பெட்ரிகோர்’. கிரேக்க மொழியில் ‘பெட்ரா’ என்றால் கல். ‘ஐகோர்’ என்பது கிரேக்கக் கதைகளில் தேவர்களின் நாளங்களில் ஓடும் திரவம். கல்லின் உதிரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த எண்ணெய் கல்லுக்குள் எப்படி வந்தது? கல்லை நன்றாகச் சூடாக்கி வாசனை முழுவதையும் போக்கிவிட்டு, மறுபடி வெதுவெதுப்பான உலர்ந்த காற்றில் வைத்துப் பார்த்தார்கள். வாசனை திரும்ப வந்தது. ஆகவே அது கல்லின் சொந்தச் சரக்கு அல்ல. செடிகொடிகளிலிருந்து வெளிப்பட்டுக் காற்றில் மிதக்கும் எண்ணெய்ப்பசையுள்ள பொருள்களைக் களிமண்ணும் கல்லும் தம் நுண்ணிய துவாரங்களில் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. கோடை நீள நீள இருப்பு கூடுகிறது. ஈரம் வந்ததும் தண்ணீர் அந்தத் துவாரங்களில் புகுந்து, உட்கார்ந்திருப்பதைக் கிளப்பி விடுகிறது. மார்ச் முதல் ஜூன் வரை காய்ந்து கிடந்த பூமியில் விழும் முதல் மழை மணப்பதும், ஆகஸ்டில் பத்தாவது மழை அப்படி மணக்காததும் இதனால்தான்.

தர்க்க சாஸ்திரத்திலும் இந்தக் கல் விஷயம் வருகிறது. மண்ணின் லக்ஷணம் கந்தம் என்றால், கல்லும் பிருதிவியைச் சேர்ந்ததுதானே, அதற்கு ஏன் வாசனை இல்லை என்று ஆக்ஷேபம் எழுப்பி, கல்லைச் சுட்டுப் பஸ்மமாக்கினால் வாசனை தெரிகிறது, ஆகவே வாசனை வெளிப்படாமல் உள்ளே இருக்கிறது என்று சமாதானம் சொல்வார்கள். பெட்ரிகோரை நம் முன்னோர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கல்லின் மணம் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது என்கிறது சயன்ஸ். அதன் இயல்பே மணம் என்கிறது சாஸ்திரம். இரண்டும் வேறு. ஆனால், இருந்தும் வெளிப்படாத வாசனை என்ற ஒன்று உண்டு என்று யோசித்தார்களே, அந்தக் கேள்வி நல்ல கேள்வி.

இது பாதிக் கதை. மழை வாசனையில் இன்னொரு சரக்கும் இருக்கிறது. உழுத நிலத்தில், தொட்டிச் செடியைக் கிளறும்போது, தோல் சீவிய பீட்ரூட்டில் வரும் அந்தக் கனமான மண் வாடையைச் சொல்கிறேன். 1891-ல் பிரான்ஸில் பெர்த்தலோ, ஆந்த்ரே என்ற இரு ரசாயன விஞ்ஞானிகள் அதைப் பிரிக்க முயன்றார்கள். கற்பூரம் போல ஏதோ ஒன்று என்பதற்கு மேல் அவர்களால் போக முடியவில்லை. அளவு அவ்வளவு சொற்பம். 1965-ல்தான் அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நான்ஸி கெர்பரும் லெஷவாலியேயும் அதைத் தனியாகப் பிரித்து ‘ஜியோஸ்மின்’ என்று பெயரிட்டார்கள். ஜியோ என்றால் பூமி, ஒஸ்மி என்றால் மணம். பெயரிலேயே ‘பிருதிவி கந்தம்’ இருக்கிறது.

இதைத் தயாரிப்பது மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள், முக்கியமாக ஸ்ட்ரெப்டோமைஸிஸ் என்ற இனம். பெயர் எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் சிறு வயதில் க்ஷயரோகத்துக்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைஸின் ஊசி மருந்து இந்த இனத்திலிருந்து கிடைத்ததுதான். அதைக் கண்டுபிடித்ததும் அதே ரட்கர்ஸில், 1943-ல். மருந்தும் மண் வாசனையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஒரு பாக்டீரியாவுக்கு வாசனை எதற்கு? மண்ணில் ஈரமும் ஆகாரமும் இருக்கும்போது இந்த ஸ்ட்ரெப்டோமைஸிஸ் மெல்லிய நூல் போலப் படர்ந்து வளர்கிறது. ஆகாரம் குறைந்ததும் நூல்கள் மேல்நோக்கி எழும்பி, நுனியில் வித்துகளாக உடைகின்றன. நல்ல காலம் வரும்வரை அந்த வித்துகள் உறங்கிக் கிடக்கும். ஜியோஸ்மின் தயாராவது அந்த வித்து உண்டாகும் கட்டத்தில்தான். இது விஞ்ஞானிகளை யோசிக்க வைத்தது. வித்தைப் பரப்புவதற்கும் வாசனைக்கும் தொடர்பு இருக்குமோ?

2020-ல் ஸ்வீடன், இங்கிலாந்து முதலிய நாடுகளின் ஆராய்ச்சியாளர்கள் இதற்கு விடை வெளியிட்டார்கள். மண்ணில் ஸ்ப்ரிங்டெயில் என்ற ஒரு ஜீவன் இருக்கிறது. ஆறு கால், இறக்கை கிடையாது, கடுகை விடச் சிறியது. பூந்தொட்டியை நகர்த்தினால் வெள்ளையாகத் துள்ளி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஜியோஸ்மின் வாசனையைத் தேடி வருகிறது. வந்து அந்தப் பாக்டீரியாவைத் தின்கிறது. வித்துகள் அதன் உடம்பில் ஒட்டிக்கொள்கின்றன. வயிற்றுக்குள் போனவற்றிலும் ஒரு பகுதி உயிரோடு வெளியே வருகிறது. ஜீவன் நகர்ந்த இடமெல்லாம் விதைப்பு நடக்கிறது. பழம் தின்ற காக்கை ஆல விதையைச் சுவரில் போட்டுவிட்டுப் போவது போலத்தான். ஆக, மண் வாசனை என்பது பாக்டீரியா ஸ்ப்ரிங்டெயிலுக்கு அனுப்பிய அழைப்பிதழ். நம் விலாசம் அதில் இல்லை. நாம் அழையாத விருந்தாளிகள்.

இப்போது இரண்டாவது கேள்வி. மண்ணில் இருப்பது மூக்குக்கு எப்படி வருகிறது? இதை 2015-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கல்லன் பூயி என்பவரும் அவரோடு வேலை செய்த ஜோங் என்பவரும் அதிவேகக் காமிராவில் படம் எடுத்துக் காட்டினார்கள். துளி விழுந்ததும் மண்ணின் மேல் ஒரு கணம் தட்டையாகிறது. அடியில், மண் துவாரங்களில் இருந்த காற்று மாட்டிக்கொள்கிறது. அது சிறு குமிழ்களாகத் துளிக்குள்ளேயே மேலேறி, உச்சியில் வெடிக்கிறது. சோடா பாட்டிலைத் திறந்து தம்ளரில் ஊற்றினால் மேலே பொடிப் பொடியாகத் தெறித்து முகத்தில் படுமே, அதே மாதிரி. வெடிக்கும் குமிழ் கண்ணுக்குத் தெரியாத நுண்திவலைகளைக் காற்றில் தூவுகிறது. மண்ணில் இருந்த வாசனைப் பொருள் அந்தத் திவலைகளில் ஏறிப் பயணம் செய்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கொட்டும் மழையை விட, தூறலும் மிதமான மழையும்தான் அதிகத் திவலைகளை எழுப்புகின்றன. துளி வேகமாக வந்து மோதினால் குமிழ் உண்டாக அவகாசம் இல்லை. மண் ஏற்கெனவே நனைந்திருந்தாலும் துவாரங்களில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிற்பதால் குமிழ் குறையும். நாம் அனுபவத்தில் அறிந்ததும் இதுதான். முதல் நாலு தூறலில் மணக்கிறது, ‘சோ’வென்று பிடித்துக்கொண்ட பிறகு மணப்பதில்லை. நம் ஊரில் மழை தொடங்கும் முன்பே வாசனை வருகிறதென்றால், பக்கத்து ஊரில் தூறல் விழுந்துவிட்டது, அங்கே எழுந்த திவலைகளை மழைக்கு முன்னோடியாக வரும் காற்று கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். இடி மின்னல் சமயத்தில் சில வேளை மூக்கில் சுருக்கென்று ஒரு நெடி ஏறும். அது மண் அல்ல. மின்னலால் உண்டாகும் ஓஸோன்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நம் மூக்கின் கூர்மை எவ்வளவு என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தண்ணீரில் ஜியோஸ்மின் கலந்திருந்தால், லிட்டருக்குச் சுமார் 5 நானோகிராம் இருந்தாலே பலரால் கண்டுபிடிக்க முடிகிறது. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 25 லட்சத்தை 5 நானோகிராமால் பெருக்கினால் வருவது பன்னிரண்டரை மில்லிகிராம். ஒரு பச்சரிசி மணி ஏறக்குறைய 20 மில்லிகிராம் எடை இருக்கும். அரிசி மணியில் முக்கால் பங்கு கூட வேண்டாம். அத்தனை பெரிய குளத்துத் தண்ணீரிலும் நம் மூக்குக்கு மண் வாடை தெரிந்துவிடும்.

மூக்கின் மேற்பகுதியில் இருக்கும் நரம்பு முனைகளில் பூட்டுகள் மாதிரி சுமார் 400 வகைப் புரதங்கள் இருக்கின்றன. வாசனைப் பொருள் சாவி. பொருந்தும் பூட்டு திறந்தால் மூளைக்குச் செய்தி போகிறது. ஒரு சாவி பல பூட்டுகளைத் திறப்பது சகஜம். ஜெர்மனியில் மியூனிக் அருகே உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தப் பூட்டுகளையும் அவற்றின் மாறுபட்ட வடிவங்களையுமாக 616-ஐ ஒவ்வொன்றாக ஜியோஸ்மினோடு சேர்த்துச் சோதித்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றே ஒன்றுதான் திறந்தது. OR11A1 என்பது அதன் எண். ஜியோஸ்மினுக்கென்று மூக்கில் ஒரு வாசல் இருக்கிறது என்றே சொல்லலாம்.

அந்தப் பூட்டு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு உதாரணம். ஜியோஸ்மின் அணுக்கூட்டத்தை இரண்டு விதமாக அடுக்கலாம். இடது கையும் வலது கையும் போல, ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். மண்ணில் கிடைப்பது ஒரு விதம் மட்டும். இரண்டையும் ஆய்வுக்கூடத்தில் தயாரித்து மனிதர்களிடம் முகரக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இயற்கையில் இல்லாததை உணர்வதற்குப் பல மடங்கு அதிக அளவு தேவைப்பட்டது. கைமாறிய சாவி பூட்டுக்குச் சரியாக நுழைவதில்லை.

சரி, இப்படி ஒரு பூட்டை நாம் ஏன் வைத்திருக்கிறோம்? இங்கேதான் பாதிப் பதில். வறண்ட தேசத்தில் வாழ்ந்த ஆதி மனிதனுக்கு இந்த வாசனை ஜலம் இருக்கும் திக்கைக் காட்டியிருக்கும் என்பது ஒரு கருத்து. அமெரிக்கப் பாலைவனத்தில் கங்காரு எலி என்று ஒரு பிராணி இருக்கிறது. அதே ஜெர்மானிய ஆராய்ச்சியில் அதன் பூட்டு நம்முடையதை விடச் சுமார் 100 மடங்கு கூர்மையாக இருந்தது. பாலைவனப் பிராணிக்கு ஈர மண் வாசனை அவ்வளவு முக்கியம் என்றால், மேற்சொன்ன கருத்துக்கு அது ஒரு பலம். ஆனால் நிரூபணம் ஆகாது.

இன்னொரு கருத்து நேர் எதிரானது. கெட்டுப்போன, பூசணம் பிடித்த ஆகாரத்தை விலக்குவதற்கான எச்சரிக்கை மணி அது என்கிறார்கள். இதற்கும் சாட்சி உண்டு. பழ ஈ என்ற சிறிய ஈக்கு ஜியோஸ்மினுக்காகவே தனி நரம்புப் பாதை இருக்கிறது என்று 2012-ல் கண்டார்கள். அந்த வாசனை வந்தால் அது பழத்தை விட்டு ஓடிவிடும். மாறாக, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதே வாசனையை நாடி வந்து முட்டையிடுகிறது. ஒரே பொருள், ஒருவருக்குத் துரத்தல், ஒருவருக்கு வரவேற்பு.

நம்மிடமே இரண்டும் இருக்கின்றன. மழையில் வந்தால் மூச்சை இழுத்து அனுபவிக்கிறோம். அதே ஜியோஸ்மின் குழாய்த் தண்ணீரில் வந்தால் முகம் சுளிக்கிறோம். கோடையில் ஏரி நீர் வற்றி, நீலப்பச்சைப் பாசி பெருகும்போது சில ஊர்களில் குடிநீரில் மண் வாடை அடிக்கும். அந்தப் பாசியில் சில வகைகளும் ஜியோஸ்மின் தயாரிக்கின்றன. குளோரின் போட்டால் அது எளிதில் போகாது. கரி வடிகட்டி, அதாவது ஆக்டிவேட்டட் கார்பன், அதைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் அந்த வாசனை தெரியும் அளவில் ஜியோஸ்மின் உடம்புக்குக் கெடுதல் செய்வதில்லை. சந்தேகம் வந்தால் ஒரு தம்ளர் தண்ணீரை லேசாகச் சூடாக்கி முகர்ந்து பாருங்கள். பீட்ரூட் அல்லது ஈர மண் போல இருந்தால் பெரும்பாலும் இதுதான். அழுகிய முட்டை, சாக்கடை போல வாடை வந்தால் அது வேறு விஷயம். அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடைசியாக, இந்தச் சபையில் என் வயதுக்காரர்கள் பலர் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். மூக்கின் கூர்மை ஆயுள் முழுவதும் அப்படியே இருப்பதில்லை. 1984-ல் அமெரிக்காவில் பென்ஸில்வேனியா பல்கலைக்கழகத்து டோட்டி என்பவரும் அவர் குழுவும் வெளியிட்ட ஆராய்ச்சியில், 65 முதல் 80 வயது வரை உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கும், 80-ஐத் தாண்டியவர்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோருக்கும் வாசனை அறியும் சக்தி வெகுவாகக் குறைந்திருந்தது. 2020-க்குப் பிறகு கோவிட் வந்து போனதில் மூக்கு மந்தமானவர்களும் இருக்கிறார்கள். கண் மங்கினால் உடனே தெரிகிறது. காது மந்தமானால் வீட்டில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். மூக்கு மங்குவது யாருக்கும் தெரிவதில்லை.

இதில் அபாயம் எங்கே என்றால், சமையலறையில். எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். அந்தப் பாதுகாப்பு முழுவதும் நம் மூக்கை நம்பியே ஏற்பட்டது. மூக்கு வேலை செய்யாத வீட்டில் அது இல்லாத மாதிரிதான். தம்பதிகள் இருவர் மட்டும், அல்லது ஒருவர் மட்டும் தனியாக இருக்கும் நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே மாதம் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் யாரையாவது காபிப் பொடி, பெருங்காயம், ஜீரகம் மூன்றையும் மாற்றி மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாசியாக முகர்ந்து எது எது என்று சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்ப்பதோடு, வாயுக் கசிவுக்கு மணி அடிக்கும் சாதனம் ஒன்றைச் சமையலறையில் பொருத்திக்கொள்ளுங்கள். எல்.பி.ஜி. காற்றை விடக் கனமானது, கீழேதான் தேங்கும். ஆகவே சிலிண்டர் உபயோகிப்பவர்கள் அந்தச் சாதனத்தைத் தரைக்கு அருகில் வைக்க வேண்டும். குழாய் வழியாக வரும் இயற்கை வாயு காற்றை விட லேசானது, அதற்குக் கூரைக்கு அருகில் வைக்க வேண்டும். இரவு படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுவதை மூக்கு நன்றாக இருப்பவர்களும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

வருகிற பருவத்தின் முதல் தூறலில் பக்கத்தில் இருக்கும் பேரன் பேத்தி "தாத்தா, மண் வாசனை!" என்று சொல்லி, உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால், ஜலதோஷம் என்று ஒதுக்கிவிடாமல் அந்தக் காபிப் பொடிச் சோதனையை அன்றைக்கே செய்து பாருங்கள்.